வார எண்ணிலிருந்து திங்கட்கிழமைத் தேதி: 2027-இல் ஏழு நாள் தவறிய ஃபார்முலாவைச் சரிசெய்த கதை

2027-ஆம் ஆண்டின் 8-ஆம் வாரம் பிப்ரவரி 22, திங்கட்கிழமை தொடங்குகிறது. எங்கள் புராஜெக்ட் அட்டவணை அதைப் பிப்ரவரி 15 என்று காட்டிக்கொண்டிருந்தது. சரியாக ஏழு நாள் முன்னால். இத்தனைக்கும் அதே ஷீட், அதே ஃபார்முலா, 2024, 2025, 2026 மூன்று ஆண்டுகளுக்கும் ஒரு நாள்கூடப் பிசகாமல் தேதி கொடுத்திருந்தது. மூன்று ஆண்டு சரியாக ஓடிய ஒன்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. இப்போது ஷீட் சரியாகிவிட்டது. எங்கே தவறியது, எதை வைத்துப் பிடித்தோம், கடைசியில் எந்த அமைப்பில் நிறுத்தினோம் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். வார எண்ணில் பேசுகிற சப்ளையரோடு வேலை செய்கிறவர்களுக்கு இது உதவும்.

வேலை இதுதான். ஒரு இயந்திரம் வாங்கி நிறுவ வேண்டும். சப்ளையர் தன் பக்கத்து வேலைகளை எல்லாம் வார எண்ணாகவே தருவார். வரைபட ஒப்புதல் W47, பாகங்கள் தயார் W51, பெட்டி கட்டுதல் W53, ஏற்றுமதி W02, வந்து சேருதல் W08, சோதனை ஓட்டம் W12. நம் ஆட்களுக்கோ தேதி வேண்டும். மின்வேலை செய்கிறவரிடம் போய் "W08-க்கு வாருங்கள்" என்றால் அவர் திரும்பக் கேட்கும் முதல் கேள்வி "அது என்ன தேதி?" என்பதுதான். ஆகவே ஒரு நெடுவரிசையில் ஆண்டு, அடுத்ததில் வார எண், மூன்றாவதில் அந்த வாரத்தின் திங்கட்கிழமை. ஷீட்டின் மொத்த வேலையும் அந்த மூன்றாவது நெடுவரிசைதான்.

பழைய ஃபார்முலா

A-யில் ஆண்டு, B-யில் வார எண். C-யில் இருந்தது இது:

```
=DATE(A2,1,1)-WEEKDAY(DATE(A2,1,1),2)+1+(B2-1)*7
```

படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள். அது இருக்கும் வாரத்தின் திங்கட்கிழமைக்குப் பின்னால் போ. அதை முதல் வாரம் என்று வைத்துக்கொண்டு ஏழு ஏழாகக் கூட்டு. WEEKDAY-க்குள் இருக்கும் 2 என்பது திங்களை 1 என்றும் ஞாயிறை 7 என்றும் எண்ணச் சொல்கிறது. அந்த 2 இல்லாவிட்டால் ஞாயிறு 1 ஆகிவிடும், விடையும் ஒரு நாள் நகரும். இந்த ஷீட்டில் அந்தத் தவறு இல்லை. எல்லா விடையும் திங்கட்கிழமையாகவே வந்தது. அதனாலேயே பார்வைக்கு எதுவும் உறுத்தவில்லை.

உறுத்தியது சப்ளையரின் ஒரு குறிப்பு. வழக்கமாக வெறும் W08 என்று எழுதுகிறவர், ஒரு தாளில் மட்டும் பக்கத்தில் பிப்ரவரி 22 என்று தேதியையும் போட்டிருந்தார். எங்கள் ஷீட்டில் பிப்ரவரி 15. ஒருவேளை அவர்தான் தவறாகப் போட்டாரோ என்ற எண்ணத்தில், சரிபார்க்க எதிர்ப்பக்கமாகக் கணக்குப் போட்டேன்: பிப்ரவரி 15 எத்தனையாவது வாரம்?

```
=WEEKNUM(DATE(2027,2,15))
```

விடை 8. அதாவது எக்செல்லே எங்கள் தேதிதான் சரி என்று சொல்லிவிட்டது. இங்கேதான் நேரம் வீணானது. இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் தவறு சப்ளையரிடம் என்று அவருக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தது நல்லதாகப் போயிற்று: அட்டவணையில் உள்ள வாரங்களை விட்டுவிட்டு, 2026-W50 முதல் 2027-W03 வரை ஒரு வாரமும் விடாமல் தனியாக ஒரு பட்டியல் போட்டேன். பக்கத்தில் இந்த வரியின் தேதியிலிருந்து முந்தைய வரியின் தேதியைக் கழிக்கும் ஒரு நெடுவரிசை:

```
=C3-C2
```

அடுத்தடுத்த வாரங்கள் என்றால் இந்த நெடுவரிசை முழுவதும் 7 வரவேண்டும். வந்தது 7, 7, 7, அப்புறம் 0, அப்புறம் மறுபடி 7. அந்த 0 வந்த இடத்தில் 2026-W53-க்கும் 2027-W01-க்கும் ஒரே தேதி இருந்தது: டிசம்பர் 28, 2026. ஒரு திங்கட்கிழமை இரண்டு வாரங்களுக்குத் தொடக்கமாக இருக்க முடியாது. ஆக, தவறு எங்கள் ஷீட்டில்தான்.

அசல் அட்டவணையில் இது ஏன் கண்ணில் படவில்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. அதில் W53-க்கு அடுத்து W02 வருகிறது. இடையில் W01-இல் எந்த வேலையும் இல்லை. W53 டிசம்பர் 28, W02 ஜனவரி 4 என்று இருந்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகளாகத்தான் தெரியும். நடுவில் ஒரு வாரம் முழுசாகக் காணாமல் போனது தெரியாது.

விதி எது

சப்ளையர் பின்பற்றுவது ஐ.எஸ்.ஓ. 8601 முறை. அதில் வாரம் திங்களில் தொடங்குகிறது. ஒரு வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் விழுகிறதோ, அந்த ஆண்டுக்கு அந்த வாரம் சொந்தம். அதாவது வாரத்தின் ஏழு நாளில் நான்கு நாளாவது எந்த ஆண்டில் இருக்கிறதோ அந்தப் பக்கம் சேரும். இதையே இன்னொரு வகையில் சொன்னால், ஜனவரி 4 எந்த வாரத்தில் இருக்கிறதோ அதுதான் முதல் வாரம். எந்த ஆண்டானாலும் இது மாறாது.

கையால் போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். 2027 ஜனவரி 4 திங்கட்கிழமை. பின்னால் போகவே வேண்டாம். முதல் வாரம் அன்றைக்கே தொடங்குகிறது. 2026 ஜனவரி 4 ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் பின்னால் போனால் 2025 டிசம்பர் 29. அதுதான் 2026-இன் முதல் வாரத்துத் திங்கள். முதல் வாரத்தின் திங்கட்கிழமை டிசம்பர் 29-க்கு முன்னாலும் வராது, ஜனவரி 4-க்குப் பின்னாலும் வராது. இந்த இரண்டு எல்லைகளையும் பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளான 2026-உம் 2027-உம் தொடுகின்றன. ஒன்றின் தொடக்கத்திலிருந்து மற்றதன் தொடக்கம் வரை 371 நாள், அதாவது 53 வாரம். 2026-இல் W53 இருப்பது இதனால்தான்.

இப்போது பழைய ஃபார்முலாவைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. அது ஜனவரி 1 இருக்கும் வாரத்தை முதல் வாரம் என்கிறது. ஜனவரி 1 திங்கள் முதல் வியாழனுக்குள் விழுந்தால், அதே வாரத்தில் ஜனவரி 4-உம் இருக்கும், இரண்டு விதியும் ஒரே விடை தரும். வெள்ளி, சனி, ஞாயிறில் விழுந்தால் ஜனவரி 4 அடுத்த வாரத்துக்குப் போய்விடும்; பழைய ஃபார்முலா ஒரு வாரம் முந்திக்கொள்ளும். 2024 ஜனவரி 1 திங்கள், 2025-இல் புதன், 2026-இல் வியாழன். மூன்றும் தப்பித்தன. 2027-இல் வெள்ளி, மாட்டிக்கொண்டது. இந்த ஷீட் 2024-இல் உருவானது. ஓர் ஆண்டு முன்னால் உருவாகியிருந்தால் முதல் நாளே தவறு தெரிந்திருக்கும், ஏனென்றால் 2023 ஜனவரி 1 ஞாயிறு.

WEEKNUM ஏன் தவறுக்குத் துணை போனது என்பதற்கும் இதுவே காரணம். எதுவும் குறிப்பிடாமல் விட்டால் அது ஜனவரி 1 இருக்கும் வாரத்தையே 1 என்று எண்ணுகிறது, வாரத்தையும் ஞாயிறில் தொடங்குகிறது. அது ஒரு வேறு எண்முறை. அதையே பயன்படுத்துகிற இடங்களும் உண்டு. ஆனால் ஐ.எஸ்.ஓ. வாரத்தைச் சரிபார்க்க அதைக் கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது இது:

```
=ISOWEEKNUM(DATE(2027,2,15))
```

விடை 7. எக்செல் 2013 முதல் இந்தச் செயல்கூறு இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதே பெயரில்தான். அதற்கு முந்தைய எக்செல் 2010-இல் WEEKNUM-க்கு இரண்டாவது மதிப்பாக 21 கொடுத்தால் இதே விடை வரும்.

புதிய ஃபார்முலா

மாற்றியது இரண்டே இடம். ஜனவரி 1 இருந்த இடத்தில் ஜனவரி 4:

```
=DATE(A2,1,4)-WEEKDAY(DATE(A2,1,4),2)+1+(B2-1)*7
```

2027, 8 என்று கொடுத்துப் பார்ப்போம். ஜனவரி 4 திங்கள், ஆகவே WEEKDAY 1. ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் ஜனவரி 4-லேயே நிற்கிறோம். மேலே ஏழு வாரம், 49 நாள். பிப்ரவரி 22. சப்ளையரின் தேதி. 2026, 47 என்று கொடுத்தால் ஜனவரி 4 ஞாயிறு, WEEKDAY 7. பின்னால் போய் 2025 டிசம்பர் 29. அதற்கு மேல் 46 வாரம், 322 நாள். நவம்பர் 16, 2026. இது பழைய ஷீட்டிலும் இதே தேதிதான். 2026 வரிகள் எதுவும் நகரவில்லை, 2027 வரிகள் மட்டும் ஏழு நாள் தள்ளிப்போயின.

ஒட்டும்போது செல்லில் 46440 மாதிரி ஓர் எண் வந்தால் பதற வேண்டாம். விரிதாளுக்குத் தேதி என்பது உள்ளே ஒரு நாள் எண்ணிக்கைதான்; 46440 என்றால் 2027 பிப்ரவரி 22. செல்லின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் போதும். நான் வைத்த வடிவம் `ddd dd-mm-yyyy`. கிழமையும் சேர்ந்து தெரிவதால், திங்கள் அல்லாத ஒன்று தவறி வந்தால் கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று, சில கணினிகளின் வட்டார அமைப்பில் ஃபார்முலாவுக்குள் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி வேண்டும். கோப்பைத் திறந்தால் எக்செல் தானாக மாற்றிக்கொள்ளும். மின்னஞ்சலிலிருந்து ஃபார்முலாவை எடுத்து ஒட்டினால் மட்டும் பிழை வரும்.

ஆண்டு நெடுவரிசை

ஃபார்முலாவைவிட அதிகம் கவனம் தேவைப்பட்டது A நெடுவரிசை. சப்ளையர் ஆண்டு எழுதுவதில்லை, வெறும் W02 என்றுதான் தருகிறார். பழைய ஷீட்டில் அதற்கும் ஒரு தந்திரம் இருந்தது: வார எண் முந்தைய வரியைவிடக் குறைந்தால் ஆண்டு மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்.

```
=IF(B3<B2,A2+1,A2)
```

W53-க்கு அடுத்து W02 வந்தால் 2026 போய் 2027 வரும். வரிகள் கால வரிசையில் இருக்கும்வரை இது சரி. எங்கள் அட்டவணையோ வேலை வகைப்படி பிரித்தது. இயந்திரப் பகுதி W12-உடன் முடிந்து, அடுத்த வரியில் கட்டுமானப் பகுதி W48-இல் தொடங்குகிறது. 48 என்பது 12-ஐவிடப் பெரியது, ஆகவே ஆண்டு 2027-லேயே நின்றுவிட்டது. அடித்தளம் போட வேண்டிய தேதி 2026 நவம்பர் 23. ஷீட் கொடுத்தது 2027 நவம்பர் 29, இயந்திரம் வந்து ஒன்பது மாதம் கழித்து. இந்தத் தவறு பெரிதாக இருந்ததால் உடனே தெரிந்துவிட்டது. ஆனால் யாராவது வரிகளை வேறு மாதிரி வரிசைப்படுத்தினால் தேதிகள் தாமாகவே மாறிவிடும் என்பதுதான் உண்மையான ஆபத்து. அந்தத் தந்திரத்தை எடுத்துவிட்டேன். ஆண்டைக் கையால் எழுதுகிறோம். சப்ளையர் ஆண்டு தராவிட்டால் கேட்டு வாங்குகிறோம்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். A-யில் எழுதுவது வாரத்தின் ஆண்டு. தேதியின் ஆண்டு அல்ல. 2026-W01-க்கு A-யில் 2026 என்றுதான் எழுத வேண்டும், தேதி 2025 டிசம்பர் 29 என்று வந்தாலும். எங்களில் ஒருவர் தேதியைப் பார்த்துவிட்டு, "ஆண்டு தப்பாக இருக்கிறது" என்று A-யை 2025 ஆக்கிவிட்டார். தேதி 2024 டிசம்பர் 30-க்குப் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது, தலைப்பில் வெறும் "ஆண்டு" என்றுதான் இருந்தது. இப்போது "வார ஆண்டு" என்று மாற்றியிருக்கிறேன்.

எதிர்ப்பக்கமாக, தேதியிலிருந்து வாரப் பெயரை எழுதும்போதும் இதே பொறி. அறிக்கைக்காக YEAR-ஐயும் ISOWEEKNUM-ஐயும் ஒட்டவைத்தால் 2025 டிசம்பர் 29-க்கு "2025-W01" என்று வரும். அது 52 வாரம் தள்ளி இருக்கும் வேறொரு வாரம். திங்களோடு மூன்று நாள் கூட்டி, வியாழனின் ஆண்டைக் கேட்டால் சரியாகிவிடும்:

```
=YEAR(C2+3)&"-W"&TEXT(ISOWEEKNUM(C2),"00")
```

C2-இல் திங்கள் இருப்பது நமக்குத் தெரியும் என்பதால்தான் வெறும் +3 போதுமாகிறது. TEXT-இல் "00" போட்டது W2 என்று வராமல் W02 என்று வருவதற்கு. பூஜ்யம் இல்லாவிட்டால் எழுத்தாக வரிசைப்படுத்தும்போது W10 முந்திக்கொண்டு W2-க்கு மேலே போய் உட்காரும்.

சரிபார்க்கும் நெடுவரிசை

ஒரு தடவை ஏமாந்த பிறகு, கண்ணால் பார்த்து நம்புவது என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு வரியிலும் தேதியைத் திரும்ப வாரமாக மாற்றி, உள்ளே கொடுத்த எண்ணோடு ஒப்பிடுகிற ஒரு நெடுவரிசை வைத்தேன்:

```
=AND(YEAR(C2+3)=A2,ISOWEEKNUM(C2)=B2)
```

TRUE வந்தால் சரி. FALSE வரும் வரிக்குச் சிவப்பு நிறம். இதைப் பழைய ஃபார்முலாவோடு வைத்துப் பார்த்தேன். 2027 வரிகள் எல்லாம் சிவந்தன, 2026 வரிகள் ஒன்றும் சிவக்கவில்லை. முதலிலேயே இது இருந்திருந்தால் அந்தக் கடிதம் வரை போயிருக்க வேண்டாம்.

இதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. ஃபார்முலாவுக்கு 53 என்ற எண்ணைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. 2027-இல் 52 வாரம்தான். ஆனாலும் 2027, 53 என்று கொடுத்தால் எந்த மறுப்பும் இல்லாமல் 2028 ஜனவரி 3 என்று விடை தருகிறது. அது உண்மையில் 2028-W01. சரிபார்க்கும் நெடுவரிசையில் அது FALSE ஆகிவிடும். கைதவறி 0 அல்லது 54 என்று தட்டினாலும் அப்படியே. ஒரு ஆண்டில் 52 வாரமா 53 வாரமா என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால், டிசம்பர் 28-ஐக் கேட்கலாம். அது எப்போதும் கடைசி வாரத்தில்தான் இருக்கும்:

```
=ISOWEEKNUM(DATE(A2,12,28))
```

2020-க்கு 53, 2026-க்கு 53, அடுத்து 2032-க்கு 53. இடையில் உள்ளவை எல்லாம் 52.

இந்தச் சோதனையால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் ஐ.எஸ்.ஓ. முறையையே பின்பற்றாவிட்டால், நம் ஷீட் முழுவதும் TRUE காட்டும், எல்லாத் தேதியும் தவறாக இருக்கும். ஆகவே புதிதாக யாரோடு வேலை தொடங்கினாலும் ஒரு கேள்வி கேட்கிறோம்: "உங்கள் கணக்கில் 2027-W01 எந்தத் திங்கட்கிழமை?" ஜனவரி 4 என்றால் 2027-க்கு அவர்கள் கணக்கு ஐ.எஸ்.ஓ.-வோடு ஒத்துப்போகிறது. டிசம்பர் 28 என்றால் ஜனவரி 1 இருக்கும் வாரத்தை முதல் வாரமாக எண்ணுகிறார்கள். "நீங்கள் ஐ.எஸ்.ஓ.-வா?" என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள், தேதியைக் கேட்டால் காலண்டரைப் பார்த்துச் சொல்வார்கள். கேள்விக்கு எந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2026-ஐக் கேட்டிருந்தால் இரண்டு முறைக்காரர்களும் ஒரே திங்களைச் சொல்லியிருப்பார்கள், நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஜனவரி 1 வெள்ளியிலோ சனியிலோ விழும் ஆண்டைக் கேட்க வேண்டும்; 2027, 2028 இரண்டும் அப்படிப்பட்டவை.

திங்கள் என்றால் தொடக்கம் மட்டும்தான்

தேதி சரியானதும் அட்டவணையில் இன்னொரு பிசகு வெளியே வந்தது. இயந்திரம் வந்து சேருவது W08. அதன் தேதி பிப்ரவரி 22 என்று வந்ததும், இறக்கும் கிரேனையும் ஆட்களையும் அதே பிப்ரவரி 22-க்கு வைத்திருந்தோம். சப்ளையர் W08 என்றால் அந்த வாரத்துக்குள் ஏதோ ஒரு நாள் என்றுதான் பொருள். வெள்ளி மாலை வந்தாலும் அவர் சொன்ன சொல் தவறவில்லை. திங்கள் காலையே கிரேன் வந்து நின்றால் வாடகை நம் தலையில்.

அதனால் இரண்டு நெடுவரிசையாகப் பிரித்தேன். நம் கையில் தொடங்கும் வேலைக்குத் திங்கள், அதாவது C2. அடுத்தவர் முடித்துத் தர வேண்டியதற்கு அந்த வாரத்தின் வெள்ளி, அதாவது C2+4. அதை நம்பி இருக்கும் வேலை அதற்கடுத்த திங்களில் தொடங்கும், C2+7. W08 வருகை என்றால் வெள்ளி பிப்ரவரி 26 வரை பொறுத்திருந்து, இறக்கும் வேலை மார்ச் 1 திங்கள். மொத்த அட்டவணை ஒரு வாரம் நீண்டது, ஆனால் இது உண்மையான நீளம்.

சில திங்கள்கள் விடுமுறையாக இருக்கும். அதற்காக C நெடுவரிசையை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் குழம்பும். முதல் வேலை நாளுக்குத் தனி நெடுவரிசை, விடுமுறைத் தேதிகள் J-யில்:

```
=WORKDAY(C2-1,1,$J$2:$J$20)
```

திங்களுக்கு முந்தைய ஞாயிறிலிருந்து ஒரு வேலை நாள் முன்னே போகச் சொல்கிறது. திங்கள் விடுமுறை இல்லை என்றால் திங்களே வரும், விடுமுறை என்றால் செவ்வாய்.

மொத்தமாக மாற்ற வேண்டி வந்தபோது

பழைய புராஜெக்ட்களின் வாரப் பட்டியல்களும் இருந்தன, எல்லாம் "2027-W02" என்ற வடிவில் எழுத்தாக. அவற்றைப் பைதானில் மாற்றினேன். பைதான் 3.8 முதல் இதற்கென்றே ஒன்று இருக்கிறது:

```python
from datetime import date

def monday(label):
    y, w = label.split("-W")
    return date.fromisocalendar(int(y), int(w), 1)

print(monday("2027-W02"))   # 2027-01-11
```

கடைசியில் உள்ள 1 திங்கட்கிழமை. இதில் எனக்குப் பிடித்தது, 2027-W53 கொடுத்தால் விரிதாள் மாதிரி சும்மா ஒரு தேதியைத் தராமல் ValueError என்று நின்றுவிடுவது.

முதலில் எடுத்தது strptime-இல் `%Y-W%W-%w`. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அந்த `%W` ஆண்டின் முதல் திங்களிலிருந்து 1, 2 என்று எண்ணுகிறது, அதற்கு முந்தைய நாள்களை 0-ஆம் வாரத்தில் போடுகிறது. 2027-க்கு அது சரியான தேதி கொடுத்தது. 2026-க்கு ஒரு வாரம் பிந்திய தேதி கொடுத்தது. 2026 ஜனவரி 5-ஐ அது முதல் வாரம் என்கிறது, ஐ.எஸ்.ஓ.-வில் அது இரண்டாம் வாரம். எங்கள் பழைய ஃபார்முலா 2026-க்குச் சரி, 2027-க்குத் தவறு. இது அப்படியே தலைகீழ். strptime-தான் வேண்டும் என்றால் `%G-W%V-%u` என்ற மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். `%G` வார ஆண்டு, `%V` ஐ.எஸ்.ஓ. வாரம்.

எந்த வழியில் மாற்றினாலும் சோதிக்க இப்போது ஒரே சிறு பட்டியலை வைத்திருக்கிறேன். 2024-W01 என்றால் 2024 ஜனவரி 1. 2025-W01 என்றால் 2024 டிசம்பர் 30. 2026-W01 என்றால் 2025 டிசம்பர் 29. 2026-W53 என்றால் 2026 டிசம்பர் 28. 2027-W01 என்றால் 2027 ஜனவரி 4. 2028-W01 என்றால் 2028 ஜனவரி 3. இந்த ஆறும் சரியாக வந்தால் அந்த ஃபார்முலாவையோ நிரலையோ நம்பலாம். ஒரே ஆண்டை மட்டும் வைத்துச் சோதித்தால் நான் மேலே சொன்ன தவறான வழிகளில் ஏதாவது ஒன்று கட்டாயம் தப்பித்துவிடும்.

அடுத்த அட்டவணையில் முதல் நாளிலிருந்தே மாற்றப்போவது ஒன்று உண்டு. வெளியே போகும் எந்தத் தாளிலும் வார எண்ணைத் தனியாக எழுதப்போவதில்லை. "2027-W08, பிப்ரவரி 22 முதல் 26 வரை" என்று இரண்டும் சேர்ந்தே போகும். எங்கள் தவறு பிடிபட்டது சப்ளையர் ஒரு தாளில் தேதியையும் சேர்த்து எழுதியதால்தான். எல்லாத் தாளிலும் அப்படி இருந்தால் எந்தப் பக்கம் தவறு என்றாலும் முதல் தாளிலேயே தெரிந்துவிடும்.